கித்தா தோட்டத்துலேர்ந்து பேக்டரி பஸ் வரைக்கும்: நாலு செக்டர்னா என்ன, வேலை ஏன் இடம் மாறுது

எங்க பக்கம், மலேசியாவோட கெடாவுல சுங்கை பட்டாணி, கூலிம் சுத்தி இருக்கிற எஸ்டேட் டவுன்கள்ல, டீக்கடையில உக்காந்தா ஒரு பேச்சு அடிக்கடி காதுல விழும். "இப்ப உள்ள பசங்களுக்கு உடம்பு வளையாது, அதான் தோட்டம் போச்சு"ன்னு ஒருத்தர் சொல்வார், பக்கத்துல இருக்கிறவரு "இல்லைண்ணே, நாடு முன்னேறிருச்சு, பிரைமரி செக்டர் முடிஞ்சு போச்சு, இனிமே எல்லாம் சர்வீஸ்தான்"ன்னு சொல்வார். ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுறாங்க, ஆனா ரெண்டு பேர் சொல்றதும் சரியில்லை. பிரைமரி, செகண்டரி, டெர்ஷரி, குவாட்டர்னரின்னு ஸ்கூல் புத்தகத்துல நாலு வரி படிச்சிட்டு, அதை ஏதோ முதல் வகுப்பு ரெண்டாம் வகுப்பு மாதிரி நெனச்சுக்கிறோம். அதனால இதை அடியிலேர்ந்து மெதுவா பார்ப்போம், உதாரணத்துக்கு நமக்கு நல்லா தெரிஞ்ச கித்தா மரத்தையே எடுத்துக்கலாம்.

நாலு செக்டர்னா என்ன

வீட்டுக் கல்யாணத்தை நெனச்சுப் பாருங்க. ஒருத்தர் தோட்டத்துல போய் வாழை இலை, காய் எல்லாம் பறிச்சுக்கிட்டு வர்றாரு. இன்னும் கொஞ்ச பேரு அதை நறுக்கி சமைக்கிறாங்க. சமைச்சதைப் பந்தியில பரிமாறுறவங்க, வந்தவங்களை உக்கார வைக்கிறவங்க, வேன் ஓட்டுறவங்கன்னு ஒரு கூட்டம். எத்தனை பேர் வருவாங்க, எவ்வளவு அரிசி போடணும், போன கல்யாணத்துல எங்க குறைஞ்சதுன்னு நோட்டுல கணக்குப் போட்டு யோசிக்கிற ஆளு ஒருத்தர். செக்டர் பிரிக்கிறதும் இப்படித்தான், அந்த வேலை பொருளை என்ன செய்யுதுங்கிறதை வச்சுப் பிரிக்கிறாங்க.

மண்ணுலேர்ந்தோ கடல்லேர்ந்தோ நேரா எடுக்கிற வேலை பிரைமரி செக்டர். மரம் வெட்டிப் பால் எடுக்கிறது, செம்பனைக் குலை அறுக்கிறது, மீன் பிடிக்கிறது, ஈயம் தோண்டுறது எல்லாம் இதுல வரும். எடுத்ததை வேற பொருளா மாத்துறது செகண்டரி செக்டர், பேக்டரியும் வீடு கட்டுற வேலையும் இதுக்குள்ள. பொருளா எதையும் செய்யாம அடுத்தவங்களுக்காக செய்யிற வேலை டெர்ஷரி செக்டர், அதாவது சர்வீஸ். லாரி, கடை, பேங்க், கிளினிக், பள்ளிக்கூடம் எல்லாம் இங்கதான் இருக்கு. அந்த சர்வீஸ்லயே அறிவையும் தகவலையும் வச்சு செய்யிற பகுதியைத் தனியா பிரிச்சு குவாட்டர்னரி செக்டர்னு சொல்றாங்க. ஆராய்ச்சி, சாப்ட்வேர், சிப் டிசைன் மாதிரி வேலைகள்.

முதல் மூணையும் பிரிச்சுக் காட்டுனது 1930கள்லேர்ந்து 1940 வரைக்கும் பொருளாதாரம் படிச்சவங்க, ஆலன் பிஷர், காலின் கிளார்க்னு ரெண்டு பேரு. நாலாவது பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. நாட்டோட புள்ளிவிவரத்துல விவசாயம், உற்பத்தி, கட்டுமானம், சேவைன்னுதான் இருக்கும், நாலாவதுக்குத் தனிப் பெட்டி இருக்காது, அது சேவைக்குள்ளயே கலந்து கிடக்கும்.

ஒரு கையுறையைப் பின்னாடி போய்ப் பார்ப்போம்

கிளினிக்ல நர்ஸ் போட்டுக்கிற ரப்பர் கையுறை எங்கேர்ந்து வருது? விடியறதுக்கு முன்னாடியே ஒருத்தர் காட்டுக்குள்ள போய் மரம் வெட்டுறாரு. அந்த நேரத்துல மரத்துக்குள்ள தண்ணி அழுத்தம் அதிகமா இருக்கும், பால் நல்லா ஓடும், வெயில் ஏறிருச்சுன்னா குறைஞ்சிரும், அதனாலதான் நம்ம பாட்டிங்க எல்லாம் இருட்டுலயே லைட்டைத் தலையில கட்டிக்கிட்டு கெளம்புனாங்க. மங்குல சேர்ற பால்ல மூணுல ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணி. இது வரைக்கும் பிரைமரி.

அந்தப் பால் உறைஞ்சு போகாம இருக்க அமோனியா கலந்து, மெஷின்ல வேகமா சுத்தி தண்ணியைப் பிரிச்சு, ரப்பர் 60 சதவீதம் இருக்கிற மாதிரி கெட்டியாக்குறாங்க. அதுல கை மாதிரி செஞ்ச பீங்கான் அச்சை முக்கி எடுத்து, சூட்டுல காய வச்சு உரிச்சா கையுறை. இது செகண்டரி. அதைப் பெட்டியில போட்டு போர்ட்டுக்குக் கொண்டு போறது, கப்பலுக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறது, கிளினிக்ல நர்ஸ் அதைப் போட்டு நமக்கு ஊசி குத்துறது எல்லாம் டெர்ஷரி. எந்த மரம் அதிகமா பால் கொடுக்கும், பால்ல இருக்கிற எந்தப் புரதத்தால சில பேருக்குத் தோல் அரிக்குதுன்னு ஆராய்ச்சி பண்றது குவாட்டர்னரி.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. 1980கள் வரைக்கும் உலகத்துலயே அதிகமா இயற்கை ரப்பர் எடுத்த நாடு மலேசியா. இன்னிக்கு அந்த இடத்துல தாய்லாந்து இருக்கு. ஆனா உலகத்துலயே பெரிய கையுறைத் தொழில் இங்கதான் இருக்கு, அதுக்கு வேண்டிய பாலைப் பெரும்பாலும் தாய்லாந்துலேர்ந்து வாங்குறோம், நிறைய கையுறை இப்ப மரத்துப் பால்ல செய்யிறதே இல்லை, நைட்ரில்னு பெட்ரோலிய எண்ணெய்லேர்ந்து வர்ற செயற்கை ரப்பர்ல செய்யிறாங்க. அப்ப பிரைமரி செக்டர் "முடிஞ்சு" போகலை, அது எந்த நாட்டுல நடக்குதுங்கிறதுதான் மாறியிருக்கு.

இது வரைக்கும் பார்த்தது இவ்வளவுதான்: செக்டர்ங்கிறது வேலையோட வகை, தரம் கிடையாது. ஒரே பொருளுக்குப் பின்னாடி நாலும் இருக்கும், நாலும் ஒரே நாட்டுல இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

யார் எந்தப் பெட்டியில விழுறாங்க

இதுலதான் நிறைய பேரு குழம்புறாங்க. புள்ளிவிவரம் எடுக்கிறப்ப, நீங்க என்ன வேலை செய்யிறீங்கன்னு ஒரு கணக்கும், உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிற இடம் என்ன தொழில் செய்யுதுன்னு இன்னொரு கணக்கும் இருக்கு. செக்டர் சதவீதம்னு நியூஸ்ல வர்றது ரெண்டாவது கணக்கு. அதனால எஸ்டேட் ஆபீஸ்ல பேனா பிடிச்ச கிராணியும், எஸ்டேட் ஆஸ்பத்திரியில மருந்து கொடுத்த டிரெசரும், அவங்களுக்குச் சம்பளம் எஸ்டேட் கொடுத்தா விவசாயத்துலதான் விழுவாங்க.

இதால என்ன ஆகும்னா, ஒரு பேக்டரியில 500 பேர் வேலை செய்யிறாங்க, அதுல 60 பேரு ஜாகா, கிளீனிங், கேன்டீன்னு வச்சுக்குங்க. பேக்டரி ஒரு நாள் இந்த 60 பேரையும் வெளி கான்ட்ராக்டர்கிட்ட மாத்தி விடுது. அதே ஆளு அதே கேட்ல அதே நாற்காலியில உக்காந்திருக்காரு, ஆனா கணக்குல செகண்டரி 440 ஆயிருச்சு, டெர்ஷரி 60 கூடிருச்சு. ஒருத்தரோட வேலையும் மாறலை, பெட்டி மட்டும் மாறிருச்சு (பல பேருக்குச் சம்பளமும் சலுகையும் குறைஞ்சிருக்கும், அது தனிக் கதை). "சர்வீஸ் செக்டர் வளருது"ன்னு தலைப்பு பார்த்தா, அதுல கொஞ்சம் இப்படி வந்ததாவும் இருக்கலாம்னு ஞாபகம் வச்சுக்கணும்.

தோட்டத்துல ஆள் ஏன் குறைஞ்சாங்க: ஒரு கணக்கு

இப்ப மெயின் விஷயத்துக்கு வருவோம். 1970ல மலேசியாவுல வேலை செஞ்சவங்கள்ல பாதிக்கு மேல விவசாயத்துல இருந்தாங்க. இப்ப பத்துல ஒருத்தர் கிட்டத்தான். இதை சோம்பேறித்தனத்தால விளக்க முடியாது, ஒரு எஸ்டேட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். நம்பர் எல்லாம் தோராயமா எடுத்துக்கிறேன், வழி புரியணும், அவ்வளவுதான்.

1,000 ஹெக்டர் கித்தா தோட்டம். ஹெக்டருக்கு 400 மரம். மரம் வெட்டுற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 500 மரம், அதாவது ஒன்னேகால் ஹெக்டர். ஒரு மரத்தைத் தினமும் வெட்ட முடியாது, பட்டைக்கு ஓய்வு வேணும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவாங்க. அதனால ஒரு ஆளு ரெண்டு பத்தி மரத்தை மாத்தி மாத்திப் பார்ப்பாரு, அவரு கையில ரெண்டரை ஹெக்டர். 1,000 ஹெக்டருக்கு 400 பேரு வேணும்.

அடுத்து ஆராய்ச்சி உள்ள வருது. 1925லயே மலாயாவுல ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆரம்பிச்சுட்டாங்க, சுங்கை பூலோவுல அவங்க சோதனைத் தோட்டம் இருந்துச்சு. அங்கேர்ந்து வந்த ஆர்ஆர்ஐஎம் 600 மாதிரி ஒட்டுக் கன்னுங்க, வெறும் விதை போட்டு வளர்ந்த பழைய மரத்தை விட ரெண்டு மூணு மடங்கு பால் கொடுத்துச்சு. 1970கள்ல எத்தெபோன்னு ஒரு மருந்தைப் பட்டையில தடவுற முறை பரவுச்சு, அதைத் தடவுனா வெட்டுன இடம் சீக்கிரம் அடைக்காது, பால் ரொம்ப நேரம் ஓடும். அதனால மூணு நாளைக்கு ஒரு தடவை வெட்டுனாலே போதும். இப்ப ஒரு ஆளு மூணு பத்தி பார்க்கலாம், கையில மூணேமுக்கா ஹெக்டர், 1,000 ஹெக்டருக்கு 267 பேரு. பால் குறையலை, ஆளு 133 குறைஞ்சிருச்சு.

அதுக்கு மேல குறைக்கிறது கஷ்டம். ஏன்னா மரம் வெட்டுறது நுணுக்கமான கை வேலை, பட்டைக்கு உள்ள மரம் வளர்ற மெல்லிசான அடுக்குக்கு ஒரு மில்லிமீட்டர் கிட்ட வரைக்கும் போகணும், அதைத் தாண்டிட்டா மரத்துல காயம், அந்த இடத்துல பட்டை முண்டு முண்டா வளரும், அடுத்த தடவை அங்க சரியா வெட்ட வராது. இத்தனை வருஷம் முயற்சி பண்ணியும் இந்தக் கையை மெஷின் பெரிய அளவுல மாத்தலை. ஆனா முதலாளிக்கு வேற வழி இருந்துச்சு. செயற்கை ரப்பர் வந்து கித்தா விலையை அமுக்குச்சு, அரசாங்கமும் ரப்பரையே நம்பி இருக்க வேணாம்னு 1960கள்லேர்ந்து செம்பனையைத் தூக்கி விட்டுச்சு. செம்பனையைத் தினம் தொட வேண்டியதில்லை, பத்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை குலை அறுத்தா போதும். ஒரு ஆளுக்குப் பத்து ஹெக்டர்னு வச்சா அதே 1,000 ஹெக்டருக்கு 100 பேரு.

400, 267, 100. நிலம் அப்படியே இருக்கு, விளைச்சல் கூடிருக்கு. நாடு முழுக்க பார்த்தாலும் அப்படித்தான், 1970ல அஞ்சு லட்சம் டன்னுக்கும் கீழ இருந்த செம்பனை எண்ணெய் இப்ப வருஷத்துக்கு 1 கோடியே 80 லட்சம் டன்னுக்கு மேல வருது. விவசாயம் வளர்ந்துச்சு, விவசாயத்துக்கு வேண்டிய ஆளோட பங்கு குறைஞ்சுச்சு, ரெண்டும் ஒண்ணா நடந்துச்சு.

எனக்கு இந்தக் கணக்குல ரொம்ப முக்கியமா படுறது என்னன்னா, பிரைமரியில ஆளைக் குறைச்சது குவாட்டர்னரி. நாலாவது செக்டர்னு பேரு இருக்கிறதால அது கடைசியா வரும்னு நெனைக்கிறோம், இங்க அது பேக்டரிங்க வர்றதுக்கு ஐம்பது வருஷம் முன்னாடியே தோட்டத்துக்கு நடுவுல வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நாலு செக்டரும் வரிசையா ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு வர்ற படிக்கட்டு கிடையாது.

வெளிய வந்த 300 பேர் எங்க போனாங்க

ஆளு தேவைப்படாம போறது ஒரு பாதி. போறதுக்கு இடம் வேணும், அது இன்னொரு பாதி.

1971ல சுதந்திர வர்த்தக வலயச் சட்டம் வந்துச்சு, 1972ல பினாங்கு பாயான் லெப்பாஸ்ல எலெக்ட்ரானிக் பேக்டரிங்க தொறக்க ஆரம்பிச்சுச்சு, இன்டெல் அந்த வருஷமே வந்துச்சு. அவங்களுக்கு நெறைய இளம் பொண்ணுங்க வேலைக்கு வேணும். கெடா தோட்டங்கள்லேர்ந்தும் கம்பத்துலேர்ந்தும் பேக்டரி பஸ் ஏறிப் போனாங்க, அம்மா காலையில காட்டுக்குப் போவாங்க, அக்கா நைட் ஷிப்ட் முடிச்சு அதே நேரத்துல வந்து இறங்குவாங்க, இப்படி ஒரே லயத்து வீட்டுல ரெண்டு செக்டர் இருந்த காலம் அது. 1996ல கூலிம் ஹைடெக் பார்க் தொறந்ததும் அந்த பஸ்ஸுக்கு ஓட்டம் கொஞ்சம் குறைஞ்சுச்சு.

ஆனா பேக்டரிக்கு அவ்வளவு பொருளை யார் வாங்குவாங்க? ஒரு ஆளு அதிகம் விளைவிக்கிறது முதல் விசைன்னா, இங்கதான் ரெண்டாவது விசை. வீட்டு வருமானம் ரெண்டு மடங்கானா ரெண்டு மடங்கு சோறு சாப்பிட மாட்டோம். வருமானம் கூடக் கூட சாப்பாட்டுக்குப் போற பங்கு குறையும்னு 1857லயே எர்ன்ஸ்ட் எங்கல்னு ஒரு ஜெர்மன் புள்ளியியல்காரர் குடும்பச் செலவுக் கணக்கைப் பார்த்துச் சொன்னாரு. மிச்சப்படுற காசு முதல்ல மோட்டார், பிரிட்ஜ், டிவின்னு பொருளுக்குப் போகும், அது செகண்டரிக்கு வேலை. அதெல்லாம் வாங்குனதுக்கு அப்புறம் பிள்ளைக்கு டியூஷன், நல்ல கிளினிக், போன் லைன், வெளியில சாப்பாடு, அது டெர்ஷரிக்கு வேலை.

அப்புறம் பேக்டரியிலயும் தோட்டத்துல நடந்ததே நடக்கும். மெஷின் நல்லா ஆக ஆக ஒரு ஆளு செய்யிற சிப் எண்ணிக்கை பல மடங்கு ஏறும், அதனால ஆளு பங்கு இறங்கும். மலேசியாவுல 1990கள் கடைசியில நாலுல ஒருத்தர் கிட்ட உற்பத்தித் துறையில இருந்தாங்க, இப்ப ஆறுல ஒருத்தர் மாதிரிதான். டியூஷன் டீச்சருக்கு இந்தப் பிரச்சனை இல்லை, ஐம்பது வருஷத்துக்கு முன்னாடியும் ஒரு மணி நேர பாடத்துக்கு ஒரு மணி நேரம், இன்னிக்கும் அதே ஒரு மணி நேரம். முடி வெட்டுறவரும், வயசானவங்களைக் குளிப்பாட்டி விடுறவரும் அப்படித்தான். ஒரு ஆளால அதிகம் செய்ய முடியாத வேலையிலதான் கடைசியில ஆளு குவிவாங்க. இன்னிக்கு மலேசியாவுல பத்துல ஆறு பேருக்கு மேல சர்வீஸ்ல இருக்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

சுருக்கமா சொன்னா ரெண்டு விசை: ஒரு ஆளு அதிகம் விளைவிக்க ஆரம்பிச்சா அந்த செக்டர்ல ஆளு வேண்டியதில்லை, வருமானம் கூடுனா வாங்குற பொருளோட வகை மாறும். ரெண்டும் சேர்ந்து ஆளுங்களைத் தள்ளவும் இழுக்கவும் செய்யுது.

எங்க சிக்கும்

செக்டர் பங்கு மாறுறதைப் படமா போட்டா கோடு அழகா வளைஞ்சு போகும், மனுசங்க அப்படிப் போறதில்லை. ஐம்பது வயசுல மரம் வெட்டத் தெரிஞ்ச கையை எலெக்ட்ரானிக் பேக்டரி எடுக்காது, அது பதினெட்டு வயசுப் பொண்ணைத்தான் எடுக்கும். சராசரிக் கணக்குல "வேலை நகர்ந்தது", வீட்டுக்குள்ள பார்த்தா அப்பாவோட வேலை போயி மகளோட வேலை வந்துச்சு. நம்மளுக்கு இன்னொரு கூடுதல் அடியும் விழுந்துச்சு. தோட்டத்துல வீடும் வேலையோட ஒட்டி வந்தது, வேலை போனா லயத்து வீட்டையும் விடணும், கோயிலும் ஆயாக் கொட்டகையும் தமிழ்ப் பள்ளியும் அந்த நிலத்துலயே இருக்கும். 1980கள் 1990கள்ல எஸ்டேட் நிலத்தை வீடமைப்புக்கு வித்தப்ப டவுன் ஓரத்துப் புறம்போக்குல குடிசை போட்டவங்க எத்தனையோ பேரு. அவங்களை சோம்பேறின்னு பேசுறதை என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாது.

ரெண்டாவது சிக்கல், 100 பேரு போதும்னு ஆன இடத்துலயும் அந்த 100 இங்க உள்ளவங்க இல்லை. குலை அறுக்கிறது இப்பவும் நீட்டு அரிவாள வச்சு ஆளு செய்யிற வேலை, இந்தோனேசியா, பங்களாதேஷ்லேர்ந்து வந்தவங்கதான் பெரும்பாலும் செய்யிறாங்க. 2020ல கோவிட்டுக்காக எல்லையை மூடுனப்ப ஆளில்லாம பழம் மரத்துலயே கெட்டுச்சு. குறைஞ்ச சம்பளத்துக்கு ஆளு கிடைக்கிற வரைக்கும் மெஷின்ல காசு போட முதலாளிக்கு அவசரம் வராது, அதனால பிரைமரியிலேர்ந்து நகர்றது அந்த இடத்துல பாதியில நின்னு போயிருக்கு.

மூணாவது, சீக்கிரமே பேக்டரியை விட்டு நகர்றது. பிரிட்டன் மாதிரி நாடுங்க நல்லா பணக்கார நாடானதுக்கு அப்புறம்தான் உற்பத்தியில ஆளு பங்கு இறங்க ஆரம்பிச்சுச்சு. இப்ப வளர்ற நாடுங்க பலதுல அது வருமானம் கம்மியா இருக்கிறப்பவே இறங்குது, டானி ரோட்ரிக்ங்கிற பொருளாதார நிபுணர் இதைப் பத்தி நிறைய எழுதிருக்காரு. இது ஏன் கவலைன்னா, பேக்டரி படிப்பு கம்மியா இருக்கிறவங்களுக்கும் ஓரளவு சம்பளமும் பழக்கமும் கொடுக்கிற இடம். அதைத் தாண்டிட்டு சர்வீஸுக்குப் போனா எந்த சர்வீஸ்ங்கிறது ரொம்ப முக்கியம்.

அதனால "டெர்ஷரி 60 சதவீதம் தாண்டிருச்சு"ங்கிற நம்பரை மட்டும் வச்சு நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியாது. மோட்டார்ல சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற பையனும், பேங்க்ல கடன் கணக்குப் பார்க்கிறவரும், கூலிம்ல சிப் டிசைன் பண்ற கம்பெனி தனியா இருந்தா அதுல வேலை செய்யிற பொண்ணும் ஒரே சேவைப் பெட்டியிலதான் விழுவாங்க. எது நடக்குதுன்னு தெரியணும்னா அந்த நம்பரோட இன்னும் ரெண்டைச் சேர்த்துப் பார்க்கணும், அந்த செக்டர்ல ஒரு ஆளு எவ்வளவு மதிப்பு உண்டாக்குறாரு, அவரோட சம்பளம் விலைவாசியைக் கழிச்சா ஏறுதா. தோட்டத்துலேர்ந்து 1980ல பேக்டரிக்குப் போனவங்களுக்குப் பெரும்பாலும் ரெண்டும் ஏறுச்சு. பேக்டரியிலேர்ந்து இன்னிக்கு டெலிவரிக்குப் போறவங்களுக்குக் அன்னன்னிக்குக் கையில வர்ற காசு கூடுன மாதிரி தெரியலாம், ஆனா இபிஎப்ல முதலாளி போடுற பங்கு நின்னு போயிருக்கும், பெட்ரோலும் டயரும் அவங்க செலவு. அதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் பழைய சம்பளத்தோட வச்சுப் பார்க்கணும்.